படத்திறப்புக்கான புகைப்படம்: எதைத் துடைக்கலாம், மாலையை எங்கே போடலாம்?

*"அப்பா தவறி ஒரு வாரம் ஆகிறது. 16ஆம் நாள் படத்திறப்பு. தம்பி கல்யாணத்தில் எடுத்த ஒரு படத்தில்தான் அப்பா அப்பாவாக இருக்கிறார். ஆனால் தலைக்குப் பின்னால் டியூப் லைட், பக்கத்தில் சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலி, தோளில் சித்தப்பாவின் கை. இதையெல்லாம் எடுத்துவிட்டு மாலை போட்ட மாதிரி செய்ய வேண்டும். கடையில் கொடுத்தால் முகத்தை மாற்றிவிடுவார்களோ என்று பயமாக இருக்கிறது. ஜிம்ப் மென்பொருள் ஓரளவு தெரியும். நானே செய்யலாமா? படத்தை அனுப்பியிருக்கிறேன்." — வாசகி, மதுரை*

தாராளமாகச் செய்யலாம். ஆனால் நீங்கள் அனுப்பியது வாட்ஸ்அப்பில் வந்த பிரதி. அதில் படத்தின் நீளப் பக்கம் 1600 பிக்சல் அளவுக்குச் சுருங்கியிருக்கிறது. அப்பாவை மட்டும் வெட்டி எடுத்தால் அதில் மூன்றில் ஒரு பங்குதான் மிஞ்சும், பெரிய பிரிண்டுக்கு அது போதாது. கல்யாணப் போட்டோகிராபரிடம் மூலக் கோப்பைக் கேளுங்கள். டாக்குமென்டாக அனுப்பச் சொல்லுங்கள், அல்லது பென் டிரைவில் வாங்கிக்கொள்ளுங்கள். 6000 × 4000 பிக்சல் படமாக இருந்தால், அப்பா இருக்கும் பகுதி ஏறத்தாழ 2000 × 3000 வரும். அங்குலத்துக்கு 200 பிக்சல் என்று கணக்கிட்டால் 10 × 15 அங்குலப் பிரிண்ட் தெளிவாக வரும். கூடத்தில் மாட்ட அது நல்ல அளவு.

வெட்டும்போது தலைக்கு மேலேயும் இரண்டு பக்கமும் தாராளமாக இடம் விடுங்கள். பிரேம் ஒவ்வொரு பக்கத்திலும் கால் அங்குலம் வரை மறைக்கும். அதற்கு மேல் நிஜ மாலை தொங்கும்போது இரண்டு ஓரங்களும் மறையும். இடம் விடாமல் வெட்டினால் காது வரைக்கும் பூ வந்துவிடும்.

இனி திருத்தம். மூலப்படத்தின் மேல் நேரடியாகக் கை வைக்காதீர்கள். `Layer > New Layer` என்று ஒரு வெற்று அடுக்கு போட்டு, Clone கருவியில் `Sample merged` என்பதை டிக் செய்துகொள்ளுங்கள். செய்வதெல்லாம் மேல் அடுக்கில்தான் விழும். பிடிக்காவிட்டால் அந்த இடத்தை மட்டும் அழித்துவிடலாம், கீழே அப்பா அப்படியே இருப்பார்.

டியூப் லைட்டில் சுவரோடு இருக்கும் பகுதி எளிது. அங்கே Heal கருவியே போதும், சுற்றியுள்ள சுவர் நிறத்தோடு தானாகக் கலந்துவிடும். ஆனால் வெற்று அடுக்கில் Heal சரியாக வேலை செய்யாமல் போகலாம், அதனால் `Layer > Duplicate Layer` என்று மூலப்படத்தை நகலெடுத்து, வெற்று அடுக்குக்குக் கீழே இருக்கும் அந்த நகலில் அதைச் செய்யுங்கள். அந்தக் கலக்கும் குணமே தலைமுடி ஓரத்தில் வினையாகிவிடும். முடியின் நிறத்தை இழுத்துச் சுவரில் சாம்பல் புகை மாதிரி ஈஷிவிடும். அதனால் முடியிலிருந்து ஒரு விரல்கடை தூரம் வரைக்கும் Heal, அதற்கு உள்ளே சிறிய தூரிகையோடு Clone. அப்பாவின் நரைமுடி ஓரத்தில் விளக்கொளி பட்டு வெளுத்திருக்கிறதே, அதை விட்டுவிடுங்கள். அதையும் சரிசெய்யப் போனால் முடியை நீங்களே வரைய வேண்டியிருக்கும், பார்த்தவுடன் தெரிந்துவிடும். மண்டபத்தில் எடுத்த படம், ஓரத்தில் கொஞ்சம் வெளிச்சம் இருந்தால் இயல்புதான்.

நாற்காலியில் பாதி, வெட்டும்போதே போய்விடும். மீதியைச் சுவரால் மூடிவிடலாம். பலர் அத்தோடு முடிந்தது என்று நினைக்கிறார்கள். நாற்காலியின் சிவப்பு, வெள்ளைச் சட்டையின் கைப்பகுதியில் பிரதிபலித்து லேசான ரோஸ் நிறமாகப் படிந்திருக்கிறது. நாற்காலி போன பிறகு அந்த ரோஸ் மட்டும் காரணமில்லாமல் நிற்கும், பார்ப்பவர்களுக்குக் கறை மாதிரி தோன்றும். இன்னொரு அடுக்கு போட்டு அதன் Mode-ஐ `HSL Color` என்று மாற்றுங்கள். சட்டையில் சிவப்பு படாத, அதே அளவு நிழலுள்ள இடத்திலிருந்து நிறத்தை எடுத்து, தூரிகையின் Opacity-ஐ 30 சதவீதமாக வைத்து மெதுவாகத் தடவுங்கள். நிறம் மட்டும் மாறும், துணியின் மடிப்பும் நிழலும் அப்படியே இருக்கும்.

சித்தப்பாவின் கைதான் கடினமான வேலை. கை இருந்த இடத்தில் சட்டை எப்படி இருந்தது என்று படத்தில் எங்கும் இல்லை. கை இல்லாத வலது தோளை நகலெடுத்து, `Layer > Transform > Flip Horizontally` கொடுத்து இடது தோளில் பொருத்தலாம். அப்படிச் செய்யும்போது மூன்று இடங்களைக் கவனியுங்கள். கழுத்துப்பட்டியிலிருந்து கைத் தையல் வரைக்கும்தான் எடுக்க வேண்டும், பித்தான் பட்டிக்குப் போகக்கூடாது. சட்டைப் பை இடது மார்பில் இருக்கிறது, அதை மூடிவிடாதீர்கள். வீடியோ வெளிச்சம் அப்பாவின் வலப்பக்கத்திலிருந்து வருகிறது, ஆகவே நகலெடுத்த தோள் இடப்பக்கத்துக்கு அதிகப் பிரகாசமாக இருக்கும், Curves-இல் கொஞ்சம் இறக்குங்கள். Layer Mask போட்டு, கறுப்புத் தூரிகையால் ஓரங்களைக் கரைத்துக்கொள்ளலாம். விரல்களை எடுத்த பிறகு அவற்றுக்குக் கீழே சட்டையில் விழுந்த மெல்லிய நிழலும் போயிற்றா என்று பாருங்கள். பெரும்பாலும் அதைத்தான் மறந்துவிடுவார்கள். கை இல்லை, கையின் நிழல் மட்டும் தோளில் இருக்கும்.

துடைத்த இடங்கள் வழவழப்பாகத் தெரிந்தால், படத்தின் மற்ற இடங்களில் இருக்கும் பொடிப்புள்ளிகள் அங்கே இல்லை என்று அர்த்தம். `Filters > Noise` பட்டியலில் உள்ள `RGB Noise`-ஐ அந்த அடுக்குக்கு மட்டும் மிகக் குறைவாகக் கொடுங்கள். முடிவில் படத்தை இடவலமாகத் திருப்பிப் பாருங்கள். பழகிய கண்ணுக்குப் படாத கோணல் அப்போது பளிச்சென்று தெரியும்.

சுவர் நன்றாக இல்லை என்று பின்னணியையே தூக்கிவிட்டு நீல மேகமோ கோயில் கோபுரமோ வைக்கச் சொல்லி யாராவது யோசனை சொல்வார்கள். வேண்டாம் என்பேன். முழுதாக வெட்டினால் காதோர முடியெல்லாம் கத்தரித்த அட்டை மாதிரி ஆகிவிடும், முகத்தில் இருக்கும் மண்டப வெளிச்சத்துக்கும் மேகத்துக்கும் பொருந்தாது. பச்சைச் சுவரை லேசாக மங்கலாக்கி, கொஞ்சம் இருட்டாக்கினாலே முகம் முன்னுக்கு வந்துவிடும்.

முகத்துக்கு நான் வைத்திருக்கும் அளவுகோல் ஒன்றுதான். அன்றைக்கு மட்டும் இருந்ததை எடுக்கலாம், எப்போதும் இருந்ததைத் தொடக்கூடாது. நெற்றி வேர்வையின் மினுமினுப்பு, மீசையில் ஒட்டிய பருக்கை, கண்ணாடியில் விழுந்த பிளாஷ் வெளிச்சம் இவையெல்லாம் அன்றைக்கு உரியவை. கன்னத்து மரு, நெற்றிச் சுருக்கம், உடைந்த பல், கறுத்த உதடு, தோலின் நிறம் இவை அவருக்கு உரியவை. கடைகளில் பழக்கத்தில் செய்வது நேர்மாறாக இருக்கும். தோலை மழமழவென்று ஆக்கி, நிறத்தை இரண்டு படி ஏற்றிக் கொடுப்பார்கள். அம்மா அதைப் பார்த்துவிட்டு "இது யாரு?" என்று கேட்டால் நீங்கள் என்ன பதில் சொல்வீர்கள்? கண் மூடியிருக்கும் படத்தில் வேறு படத்திலிருந்து கண்ணை எடுத்து வைப்பதும் வேண்டாம். உங்கள் படத்துக்கு அந்தத் தேவையே இல்லை.

மாலைக்கு வருவோம். பிரேம் போடும் படத்தில் மாலையை அச்சடிக்காதீர்கள். நம் வீடுகளில் மறைந்தவருக்கு மாலை போடுவது படத்துக்கு மேலே, சட்டத்தின் இரண்டு மூலையிலிருந்து தொங்கும்படி. படத்துக்கு உள்ளே, கழுத்தில் வரைந்துவிட்டால் அது ஏதோ பாராட்டு விழாவில் எடுத்த படமாகத் தெரியும். அவர் அணியாத மாலையை அணிந்ததாகவும் ஆகிவிடும். வேலையாகப் பார்த்தாலும் கழுத்து மாலை லேசில் அமையாது. பின்கழுத்தில் மறைய வேண்டும், தோள் சரிவுக்கு வளைய வேண்டும், தாடையின் நிழல் அதன் மேல் விழ வேண்டும். அப்புறம், அச்சடித்த மாலைக்கு மேல் படத்திறப்பு அன்று நிஜ மாலையும் விழுந்தால் இரண்டு மாலையும் ஒன்றோடொன்று இடிக்கும். நாளைக்குத் தம்பி குழந்தையின் காதுகுத்துப் பத்திரிகையில் தாத்தா படம் போட வேண்டும் என்றால் மாலை இல்லாத படம்தான் வேண்டும்.

கண்ணீர் அஞ்சலி நோட்டீசுக்கும் வாட்ஸ்அப் செய்திக்கும் மாலை தேவைப்படலாம். அதற்குத் தனிப் பிரதி எடுத்துக்கொள்ளுங்கள். அதிலும் முதலில் படத்தைச் சுற்றி ஒரு சட்டம் வரைந்துவிட்டு, மாலையைச் சட்டத்தின் மேல் தொங்கவிடுங்கள். இணையத்தில் கிடைக்கும் மாலைப் படங்களில் பூ பெரும்பாலும் சட்டத்துக்குப் பொருந்தாத பருமனில் இருக்கும், நிழலும் இருக்காது. அதைவிட, பூக்கடையில் ஒரு சம்பங்கி மாலை வாங்கி, கறுப்புத் துணி விரித்த சுவரில் இரண்டு ஆணியில் மாட்டி, வெயில் நேராகப் படாத பகல் வெளிச்சத்தில் நேர் உயரத்திலிருந்து படம் எடுங்கள். வெள்ளைப் பூவைக் கறுப்புத் துணியிலிருந்து பிரிப்பது சுலபம். மாலையின் தடிமன் சட்ட உயரத்தில் ஆறில் ஒரு பங்குக்கு மேல் வேண்டாம். `Filters > Light and Shadow > Drop Shadow` கொடுக்கும்போது, முகத்தில் நிழல் விழும் அதே திசையில் மாலையின் நிழலும் விழட்டும். உங்கள் படத்தில் அது அப்பாவின் இடப்பக்கம், அதாவது நாம் பார்க்கும்போது வலப்பக்கம். குஞ்சம் மார்புக்குக் கீழே முடிய வேண்டும். நெற்றியில் குங்குமப் பொட்டு வரைய வேண்டாம், படத்திறப்பு அன்று பிரேம் கண்ணாடி மேல் சந்தனம் குங்குமம் வைப்பார்கள்.

இன்னொன்று, பலர் அவசரத்தில் கவனிக்காதது. நோட்டீசுக்கு வெட்டும்போது பக்கத்தில் நிற்கிற அம்மாவின் புடவை ஓரமோ, தம்பியின் தோளோ மாலைக்கு அடியில் மிச்சம் இருக்கக்கூடாது. உயிரோடு இருப்பவர் மேல் நினைவு மாலை விழுந்தால் வீட்டுப் பெரியவர்கள் மனம் சங்கடப்படும். சித்தப்பாவிடமும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். படத்திறப்பு அன்று, தன் கை இருந்த படம்தான் அது என்று அவருக்குத் தெரியாமல் இருக்காது. கையோடு இருக்கும் மூலப்படத்தில் ஒரு பிரதி போட்டு அவருக்குக் கொடுங்கள்.

அடுக்குகளோடு இருக்கும் `.xcf` கோப்பைச் சேமித்துவிட்டு, லேபுக்கு JPEG-ஆக 95 தரத்தில் ஏற்றுமதி செய்யுங்கள். லேபில் "கலர் கரெக்‌ஷன் வேண்டாம், இழுத்துப் பொருத்த வேண்டாம்" என்று சொல்லிவிடுங்கள். இல்லையென்றால் அவர்கள் இயந்திரம் தானாக நிறத்தை ஏற்றிவிடும், அளவுக்குப் பொருத்த இழுத்தால் முகம் அகலமாகிவிடும். முதலில் 4 × 6 அளவில் ஒன்று போட்டு அம்மாவிடம் காட்டுங்கள். அவர் சரி என்ற பிறகு பெரியதை மேட் தாளில் போடச் சொல்லுங்கள்.