காலிக் கோட்டையை வைத்து ஒரு வினாத்தாள்

கேள்வி: வெள்ளவத்தையில் சுற்றுலா, விருந்தோம்பல் டிப்ளோமா வகுப்புக்குத் தமிழில் படிப்பிக்கிறேன். ஒரு சின்ன மரபுரிமை இடத்தில் சீசன் தேவையும் நிலைபேறும் எப்படிப் போகிறது என்று கேள்விகள் தயாரிக்க வேண்டும். எதைக் கேட்டாலும் "ஓஃப் சீசனில் விலைக்கழிவு கொடுக்க வேண்டும், பிளாஸ்டிக்கைக் குறைக்க வேண்டும்" என்றுதான் பிள்ளைகள் எழுதுகிறார்கள். எப்படிக் கேட்டால் யோசிப்பார்கள்?

பதில்: காலிக் கோட்டை ஒன்றை மட்டும் எடுங்கள், முழு வினாத்தாளும் அதற்குள்ளேயே நிற்கட்டும். போர்த்துக்கேயர் 1588இல் தொடங்கி, 1640இல் ஒல்லாந்தர் பிடித்து விரித்துக் கட்டிய இடம். 1988இலிருந்து யுனெஸ்கோ பட்டியலில் இருக்கிறது. மதிலுக்குள்ளே சுமார் 52 ஹெக்டேயர்தான், அதற்குள் வீடு, பள்ளிவாசல், நீதிமன்றம், கெஸ்ட் ஹவுஸ் எல்லாம் சேர்ந்தே இருக்கின்றன. கொழும்பிலிருந்து காலையில் போய் மாலையில் திரும்பலாம் என்பதால் பிள்ளைகள் நேரில் பார்த்தும் எழுதலாம்.

உங்கள் பிள்ளைகள் ஒரே பதிலை எழுதுவதற்குக் காரணம், கேள்வியில் எண் இல்லாததுதான் என்று நினைக்கிறேன். அதனால் முதல் கேள்வியிலேயே ஒரு அட்டவணை கொடுங்கள். சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபை மாதாமாதம் வெளியிடும் வருகைக் கணக்கில் 2018ஐ எடுக்கலாம். அந்த வருடம் மொத்தம் 23,33,796 பேர் வந்தார்கள், பன்னிரண்டால் வகுத்தால் மாதத்துக்குச் சராசரி 1,94,483. ஒவ்வொரு மாதத்தையும் இந்தச் சராசரியால் வகுப்பதுதான் பருவச் சுட்டெண். டிசம்பர் (2,53,169) 1.30 வரும், மே (1,29,466) 0.67 வரும், ஜூலை (2,17,829) 1.12 வரும். இவ்வளவையும் எல்லாரும் போட்டுவிடுவார்கள். கேள்வி அதற்குப் பிறகுதான் இருக்கிறது: "ஜூலையில் நாட்டுக்கு வருகை சராசரியை விட அதிகம். அப்படியென்றால் காலியிலும் ஜூலை சீசனா?" இல்லை. அப்போது தென்மேல் பருவக்காற்று, காலிப் பக்கம் கடல் கொந்தளிப்பு. கடலுக்கு என்று வருகிறவர்கள் அறுகம்பே, பாசிக்குடா பக்கம் போகிறார்கள், கண்டிப் பெரஹராவும் ஜூலை, ஆகஸ்டில்தான் வருகிறது. நாட்டுக் கணக்கை அப்படியே ஊர்க் கணக்காக எடுக்கக் கூடாது என்பதை யார் கண்டுபிடிக்கிறாரோ அவருக்கு மார்க்.

இதோடு 2019ஐயும் பக்கத்தில் கொடுத்துப் பாருங்கள். அந்த வருடம் மே மாதம் வந்தவர்கள் 37,802 பேர்தான். சுட்டெண்ணை மட்டும் போட்டுவிட்டு "மே மிகவும் மோசமான ஓஃப் சீசன்" என்று எழுதுகிற பிள்ளை, ஏப்ரல் 21 குண்டுவெடிப்பைப் பருவமாக எண்ணிவிட்டது. வருடாவருடம் அதே மாதத்தில் திரும்பி வருவதுதான் பருவம், ஒரு தடவை விழுந்த அடி பருவம் ஆகாது. இந்த வேறுபாடு பிடிபடாமல் அடுத்த கேள்விக்குப் போக வேண்டாம்.

அப்புறம், இந்த விலைக்கழிவு. கோட்டைக்குள் எட்டு ரூம் கெஸ்ட் ஹவுஸ் ஒன்றை வைத்துக்கொள்வோம். எண்கள் கணக்குக்காக நான் போட்டவை, நீங்கள் மாற்றலாம். சம்பளம், வாடகை போல ரூம் போனாலும் போகாவிட்டாலும் கொடுக்க வேண்டியது மாதம் 9,00,000 ரூபா. ஒரு ரூம் ஓர் இரவு போனால் சாப்பாடு, லோண்டரி, கரண்ட், கமிஷன் என்று கூடுதலாக 3,500 ரூபா. ஜனவரியில் 248 ரூம் இரவுகளில் 211 போகிறது, விலை 18,000. ஓர் இரவுக்குக் கையில் நிற்பது 14,500, மொத்தம் 30,59,500, நிலையான செலவு போக 21,59,500 மிச்சம். ஜூனில் 240இல் 72தான் போகிறது, விலை 10,000. இரவுக்கு 6,500 நிற்கிறது, மொத்தம் 4,68,000, ஆக மாதத்துக்கு 4,32,000 நட்டம். சரி, இப்போது கேளுங்கள்: "ஜூன் விலையை இன்னும் 20 வீதம் குறைத்து 8,000 ஆக்கினால், அதே 4,68,000 வர எத்தனை ரூம் இரவு விற்க வேண்டும்?" ஓர் இரவுக்கு நிற்பது 4,500 ஆகிவிடும், அதனால் 104 இரவு வேண்டும். 20 வீதம் குறைத்தால் 44 வீதம் கூட விற்றால்தான் பழைய நட்டத்திலேயே நிற்கலாம்! மழைக்கும் கடலுக்கும் பயந்து வராமல் இருக்கிறவர் 2,000 ரூபா குறைந்ததற்காக வருவாரா என்று அடுத்த வரியில் கேட்டால், பதில் தானாகவே விலையை விட்டு ஆளுக்குப் போகும்: மழை பெய்தாலும் வரக் காரணம் உள்ளவர் யார்? காலி மைதானத்தில் டெஸ்ட் போட்டி பல தடவை ஜூன், ஜூலையில் நடந்திருக்கிறது. போயாவோடு சேரும் நீண்ட வாரஇறுதிக்குக் கொழும்புக் குடும்பங்கள், சின்னக் கம்பனிக் கூட்டங்கள், இப்படி எழுதுவார்கள். மூன்று மாதம் நட்டம் வந்தால் முதலாளி யாரை நிறுத்துவார், நிறுத்திய ரூம் வேலையாள் ஜனவரிக்குத் திரும்பி வருவாரா என்பதையும் கட்டாயம் கேளுங்கள், ஏனென்றால் நிலைபேறு என்றவுடன் பிளாஸ்டிக் போத்தலை நினைக்கிறவர்கள் வேலை போகிற ஆளை நினைப்பதே இல்லை.

மூன்றாவது கேள்விக்கு ஓர் உண்மை போதும்: காலிக் கோட்டைக்குள் போக டிக்கெட் இல்லை. சிகிரியாவில் டிக்கெட் உண்டு, அதனால் அங்கே எத்தனை பேர் வந்தார்கள் என்று எண்ணலாம், விலையை ஏற்றி இறக்கியும் பார்க்கலாம். காலியில் இரண்டும் முடியாது. இங்கே குடியிருக்கிறவர் வீட்டுக்குப் போகவும், வழக்குக்கு வருகிறவர் நீதிமன்றம் போகவும் அதே வாசல்தான். "கூட்ட நேரத்தில் டிக்கெட் விலையைக் கூட்ட வேண்டும்" என்ற பாடப்புத்தகப் பதில் இங்கே ஏன் ஓடாது, வேறு என்ன செய்யலாம் என்று கேளுங்கள். வாகனத் தரிப்பிடக் கட்டணம், பஸ்ஸை மதிலுக்கு வெளியே நிறுத்துவது, மாலையில் எல்லாரும் ஒரே நேரத்தில் மதில்மேல் ஏறுவதைப் பிரிப்பது என்று பதில் வரலாம். தெற்கு அதிவேக நெடுஞ்சாலை 2011இல் காலி வரை திறந்த பிறகு ஒரு நாளில் வந்து போவது சுலபமாகிவிட்டது. அப்படி வருகிறவர் ரூம் கணக்கில் எங்கேயும் இல்லை, ஆனால் தண்ணீர், குப்பை, கழிப்பறை எல்லாவற்றிலும் இருக்கிறார்.

முடிந்தால் கூட்டிக்கொண்டு போய் எண்ண விடுங்கள். இரண்டு வாசல்களிலும் இரண்டிரண்டு பேர், ஒருவர் உள்ளே போவதையும் மற்றவர் வெளியே வருவதையும் எண்ணட்டும். ஒவ்வொரு மணித்தியாலத்திலும் 15 நிமிடம் எண்ணி நான்கால் பெருக்கினால் போதும். உள்ளே போனதிலிருந்து வெளியே வந்ததைக் கழித்துக் கூட்டிக்கொண்டே போனால், எந்த மணிக்கு உள்ளே ஆள் அதிகம் என்று தெரியும். எண்ணத் தொடங்கும் முன்பே உள்ளே இருக்கிறவர்கள் இந்த எண்ணில் வர மாட்டார்கள். சனிக்கிழமை ஒன்றும் புதன்கிழமை ஒன்றும் எடுங்கள். வார நாளில் யூனிஃபோம் பிள்ளைகளையும் ஃபைலோடு வருகிறவர்களையும் தனிக் கோட்டில் குறிக்க வேண்டும், இல்லாவிட்டால் புதன்கிழமையும் சுற்றுலாக் கூட்டம் போலத் தோன்றும். இது அந்த இரண்டு நாளின் கணக்கு மட்டும்தான், இதை வைத்து சீசன் என்று முடிவு எழுதினால் மார்க் வெட்டலாம்.

கெட்டிக்காரப் பிள்ளைகளுக்குக் கடைசியாக ஒன்று வைத்திருக்கிறேன்: "பழைய கட்டடத்தை ஓஃப் சீசனில் திருத்தலாம் என்பார்கள். காலியில் அது சரியா?" சுண்ணாம்புப் பூச்சு மெதுவாக, மழை படாமல் இறுக வேண்டும். மே, ஜூனில் பூசினால் கனமழை கழுவிக்கொண்டு போய்விடும், ஓட்டைப் பிரித்தால் வீட்டுக்குள் தண்ணீர். காய்ந்த மாதங்கள் ஜனவரி முதல் மார்ச் வரை, அதுவே ரூம் நிரம்பும் காலம், தண்ணீர்த் தேவை உச்சத்தில் நிற்கும் காலமும் அதுவே. மழை கொஞ்சம் விடும் ஜூலை, ஆகஸ்டில் வெளிவேலை, மே, ஜூனில் கதவு, ஜன்னல், தளபாடம் போன்ற உள்வேலை என்று பிரித்து எழுதுகிற பிள்ளைக்கு முழு மார்க் கொடுங்கள். உள்வேலையை அந்த மாதங்களில் கெஸ்ட் ஹவுஸ் ஆட்களையே வைத்துச் செய்யலாம் என்று சம்பளக் கணக்கோடு இணைத்து எழுதினால் அதற்கும் மேலே கொடுக்கலாம்.