வரலாற்றில் 20க்கு 10: விடைத்தாளைப் புள்ளித்திட்டத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தல்

அன்புள்ள அம்மா,

சென்ற வாரம் உட்துறைமுக வீதியில் என்னைச் சந்தித்தபோது நீங்கள் கேட்ட கேள்வி இன்னும் மனதில் நிற்கிறது. "பிள்ளை இரவிரவாகப் பாடமாக்கிறாள், புள்ளி மட்டும் ஏறுதில்லை. வரலாற்றை விட்டுட்டு வேற பாடம் எடுக்கட்டோ?" என்றீர்கள். நீங்கள் தந்துவிட்டுப் போன விடைத்தாளையும், வகுப்பாசிரியர் பயிற்சிக்காகக் கொடுத்த புள்ளித்திட்டத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து இரண்டு தடவை வாசித்தேன். இப்போதைக்குப் பாடத்தை மாற்ற வேண்டாம். ஏன் அப்படிச் சொல்கிறேன் என்பதை அந்தத் தாளைக் கொண்டே விளக்குகிறேன். பிள்ளையையும் பக்கத்தில் இருத்தி வாசியுங்கள்.

வினா இதுதான்: "1795-96 இல் பிரித்தானியர் இலங்கையின் கரையோரத்தைக் கைப்பற்றுவதற்குத் திருகோணமலைத் துறைமுகமே முதன்மையான காரணமாகும். இக்கூற்றை மதிப்பிடுக." மொத்தம் 20 புள்ளி. ஆசிரியர் அதை இப்படிப் பிரித்திருக்கிறார்: நிலைப்பாட்டுக்கு 3, தகவலுக்கு 6, காரண விளைவுப் பகுப்பாய்வுக்கு 6, சான்றுக்கு 3, முடிவுக்கு 2. உங்கள் மகளுக்குத் தகவலில் 6க்கு 5 கிடைத்திருக்கிறது. பகுப்பாய்வில் 2, சான்றில் 1, நிலைப்பாட்டில் 1, முடிவில் 1. இந்தக் கணக்கைப் பார்க்காமல் 10 என்ற எண்ணை மட்டும் பார்த்தால் "இன்னும் பாடமாக்கு" என்றுதான் சொல்லத் தோன்றும். பாடமாக்கினால் கூடக்கூடியது தகவலில் மீந்திருக்கும் அந்த ஒரு புள்ளி மட்டுமே. போன 10 புள்ளியில் 9 வேறு இடத்தில் போயிருக்கிறது.

அவள் எழுதிய முக்கியமான பந்தியை அப்படியே தருகிறேன்:

"திருகோணமலை உலகின் சிறந்த இயற்கைத் துறைமுகங்களுள் ஒன்றாகும். இது பிரித்தானியருக்கு மிகவும் முக்கியமானதாக இருந்தது. 1782 ஜனவரியில் பிரித்தானியர் இதைக் கைப்பற்றினர். அதே ஆண்டு ஓகஸ்டில் பிரெஞ்சுக்காரர் கைப்பற்றினர். போர் முடிந்த பின் இது ஒல்லாந்தருக்குத் திருப்பிக் கொடுக்கப்பட்டது. 1795 ஓகஸ்டில் பிரித்தானியர் மீண்டும் கைப்பற்றினர். இதனால் துறைமுகமே முதன்மையான காரணம் என்பது தெளிவாகின்றது."

ஆண்டுகள் சரி, வரிசையும் சரி. ஆனாலும் ஆசிரியர் ஓரத்தில் "ஏன்?" என்று மட்டும் எழுதியிருக்கிறார். பிள்ளைக்கு அது விளங்கவில்லை. எல்லாம் சரியாக எழுதியும் புள்ளி தரவில்லை என்று அழுதாள் என்றீர்கள். அந்த "ஏன்" எங்கே விடுபட்டது என்று கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. மூன்று கலர் பென்சில் போதும்.

நடந்ததைச் சொல்லும் வசனங்களுக்கு நீலம். ஒன்று எப்படி மற்றொன்றை உண்டாக்கியது என்று விளக்கும் வசனங்களுக்குச் சிவப்பு. வினாவிலுள்ள கூற்றை எடைபோடும் வசனங்களுக்குப் பச்சை. மேலுள்ள பந்தியில் கோடு போட்டுப் பாருங்கள். ஏறக்குறைய முழுவதும் நீலமாகும். கடைசி வசனம் "இதனால்" என்று தொடங்குவதால் அதற்குப் பிள்ளை சிவப்புப் போடப் பார்ப்பாள். அங்கேதான் கவனம் வேண்டும். "இதனால்" என்ற சொல்லை எடுத்துவிட்டு வாசிக்கச் சொல்லுங்கள். முன் வசனங்கள் அந்த முடிவை உண்மையிலேயே தாங்குகின்றனவா? ஒரு இடம் நான்கு முறை கைமாறியது என்பதால் அது முதன்மையான காரணம் ஆகிவிடாது. "எனவே", "ஆகவே", "இதன் விளைவாக" என்று வரும் ஒவ்வொரு இடத்திலும் இப்படிச் செய்து பார்க்க வேண்டும். பகுப்பாய்வு போலத் தோன்றி உள்ளே ஒன்றும் இல்லாத வசனங்கள் பெரும்பாலும் இந்தச் சொற்களுக்குப் பின்னால்தான் ஒளிந்திருக்கும்.

அடுத்தது சான்று. "உலகின் சிறந்த இயற்கைத் துறைமுகம்" என்பது நம் ஊர்ப் பிள்ளைகள் எல்லோரும் எழுதுகிற வசனம். சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்தது, எனக்கும் பெருமைதான். ஆனால் அது 1795 இல் பிரித்தானியர் ஏன் படை அனுப்பினார்கள் என்பதற்குச் சான்றாகாது. துறைமுகம் 1785 இலும் இதே அளவு சிறந்ததாகத்தான் இருந்தது. அப்போது ஏன் வரவில்லை? சான்றைச் சோதிக்க நான் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்பது இந்த ஒரு கேள்விதான்: நீ சொல்லும் காரணம் உண்மை இல்லாவிட்டாலும் இந்தத் தகவல் இப்படியே இருந்திருக்குமா? "ஆம்" என்றால் அது பலவீனமான சான்று.

பலமான சான்று எப்படி இருக்கும் என்பதற்கு அவள் படித்த பாடத்திலிருந்தே எடுப்போம். இந்தியாவின் கிழக்குக் கரையில், மதராஸ் பக்கம், பெரிய போர்க்கப்பல்கள் ஒதுங்க அன்று பாதுகாப்பான துறைமுகம் இல்லை. கரைக்கு வெளியே திறந்த கடலில்தான் நங்கூரம் போட வேண்டும். ஒக்டோபரில் வாடைக்காற்றும் புயலும் தொடங்கினால் அங்கே நிற்க முடியாது. கப்பல்கள் திருத்த வேலைக்காக மேற்குக் கரையிலுள்ள பம்பாய்க்குப் போக வேண்டும். அந்த மாதங்களில் கிழக்குக் கரை காவலில்லாமல் கிடக்கும். 1782 செப்டெம்பர் 3 இல் திருகோணமலைக்கு வெளியே பிரெஞ்சுத் தளபதி சுஃப்ரெனோடு சண்டையிட்ட அட்மிரல் ஹியூஸ், அந்தப் பருவம் தொடங்கியதும் தன் கப்பல்களைப் பம்பாய்க்குத்தான் கொண்டுபோனார். அப்போது திருகோணமலை பிரெஞ்சுக்காரர் கையில் இருந்தது. இந்த ஒரு சம்பவத்தில் துறைமுகத்தின் பயன் கண்முன் தெரிகிறது. வாடையிலும் சோளகத்திலும் கப்பல் நிற்கக்கூடிய இடம் வங்காள விரிகுடாப் பக்கத்திலேயே இருந்தால் படை கடலை விட்டுப் போகத் தேவையில்லை. "சிறந்த துறைமுகம்" என்று மூன்று முறை எழுதுவதைவிட இப்படி ஒரு தடவை விளக்கினால் புள்ளி வரும்.

ஆனாலும் "ஏன் 1795?" என்ற கேள்வி மீந்து நிற்கிறது. 1795 ஜனவரியில் பிரெஞ்சுப் படை ஒல்லாந்துக்குள் நுழைந்தது. அங்கே பிரான்சுக்குச் சார்பான பட்டேவியக் குடியரசு உருவானது. ஒல்லாந்தின் ஆட்சித்தலைவர் ஒரேஞ்சு இளவரசர் இங்கிலாந்துக்குத் தப்பியோடி, பெப்ரவரியில் கியூ என்ற இடத்திலிருந்து கடிதம் எழுதினார். குடியேற்ற நாடுகளைப் பிரித்தானியரின் பாதுகாப்பில் விடும்படி தம் ஆளுநர்களைக் கேட்டுக்கொண்டார். ஆக, துறைமுகம் மீண்டும் பிரான்சின் கைக்குப் போகும் பயம் 1795 இல் உடனடி ஆபத்தாகிவிட்டது. இந்த இணைப்பு அவளுடைய கட்டுரையில் இல்லை. கியூ கடிதம் வேறொரு பந்தியில் தனித் தகவலாகக் கிடக்கிறது. புதிதாக எதையும் படிக்கத் தேவையில்லை, தாளிலேயே இருக்கும் இரண்டு தகவல்களைப் பக்கத்தில் கொண்டுவந்து சேர்த்தால் போதும். விடுபட்ட பகுப்பாய்வு என்று நான் சொல்வது பெரும்பாலும் இதைத்தான்.

பந்தியைத் திருத்தினால் ஏறக்குறைய இப்படி வரும்:

"கிழக்குக் கரையில் பருவக்காற்றுக்கு ஒதுங்க இடமில்லாததால் பிரித்தானியக் கப்பற்படை ஆண்டுதோறும் பம்பாய்க்குச் செல்ல நேர்ந்தது. 1782 இல் திருகோணமலை பிரெஞ்சுக்காரரிடம் இருந்தபோது ஹியூஸ் பின்வாங்கியது இந்தப் பலவீனத்தைக் காட்டுகின்றது. ஆனால் துறைமுகத்தின் தேவை நீண்டகாலமாக இருந்த ஒன்று. 1795 இல் ஒல்லாந்து பிரான்சின் செல்வாக்குக்குள் சென்றதே அந்தத் தேவையை உடனடி நடவடிக்கையாக மாற்றியது. எனவே எந்த இடம் என்பதைத் துறைமுகமும், எந்த ஆண்டு என்பதை ஐரோப்பிய அரசியலும் தீர்மானித்தன."

இங்கேயும் "எனவே" இருக்கிறது. எடுத்துவிட்டு வாசியுங்கள், முடிவு நிற்கும். நீளமும் அவள் எழுதியதைவிடப் பெரிதாகக் கூடவில்லை.

பச்சைக் கோடு, அதாவது மதிப்பீடு, இன்னும் குறைவு. "மதிப்பிடுக" என்று கேட்டால் கூற்றுக்கு எதிராக நிற்கும் தகவலையும் எடுத்து வைக்க வேண்டும். துறைமுகம் மட்டும்தான் தேவை என்றால் திருகோணமலையோடு ஏன் நிற்கவில்லை? அதே ஆண்டு யாழ்ப்பாணம், 1796 பெப்ரவரியில் கொழும்பு என்று ஏன் தொடர்ந்தார்கள்? கறுவா விளையும் தென்மேற்குக் கரையின் வருமானம் ஒரு பதில். பக்கத்தில் ஒரு கோட்டையைக்கூட எதிரிக்கு விட்டால் துறைமுகத்துக்குப் பாதுகாப்பில்லை என்பது இன்னொரு பதில். இரண்டில் எது வலுவானது என்று அவளே தீர்மானித்து எழுதட்டும். இந்த இடத்தில் சரி பிழை என்று ஒரே விடை கிடையாது. காரணம் சொல்கிறாளா என்றுதான் பார்ப்பார்கள்.

முடிவுப் பந்தியில் 1802 அமியன்ஸ் உடன்படிக்கையைக் கொண்டுவந்திருக்கிறாள். நன்னம்பிக்கை முனையை ஒல்லாந்தருக்குத் திருப்பிக் கொடுத்த பிரித்தானியர் இலங்கையை மட்டும் வைத்துக்கொண்டார்கள் என்று எழுதியிருப்பது எனக்கு மிகவும் பிடித்தது. ஆனால் அது 1802 இல் இலங்கையை எப்படி மதித்தார்கள் என்பதற்குச் சான்று. 1795 இல் என்ன நினைத்துப் படையெடுத்தார்கள் என்பதை அது நேராகக் காட்டாது. "பின்னர் இம்மதிப்பு உறுதியானது" என்று ஒரு சொற்றொடர் சேர்த்தால் சான்று தன் இடத்தில் சரியாக உட்காரும்.

பிள்ளை தன் தாளைத் தானே திருத்தும்போது ஒரு சிக்கல் வரும். எழுதாததையும் எழுதியதாக வாசிப்பாள், ஏனென்றால் விளக்கம் அவள் மனதில் இருக்கிறது. அதனால் எழுதிய அன்றே பார்க்க வேண்டாம், இரண்டு நாள் கழியட்டும். அதன்பின் நீங்கள் பந்தியைச் சத்தமாக வாசியுங்கள், உங்களுக்கு வரலாறு தெரியாவிட்டாலும் பரவாயில்லை. ஒவ்வொரு பந்தி முடிவிலும் "அதனால் என்ன?" என்று கேளுங்கள். அவள் வாயால் சொல்லும் பதில் தாளில் இல்லையென்றால், அந்தப் பதில்தான் விடுபட்ட வசனம். அதை ஓரத்தில் எழுதச் சொல்லுங்கள். புள்ளித்திட்டத்திலுள்ள சொற்களைக் கட்டுரைக்குள் அங்கங்கே செருகுவதற்கு மட்டும் விடாதீர்கள். "இது ஒரு முக்கிய காரணியாகும்" என்று எழுதினால் நீலக் கோடு ஒன்று கூடும், அவ்வளவுதான்.

சட்டம் படிக்க ஆசை என்று அவள் சொன்னாள். பல்கலைக்கழகத் தெரிவு பற்றி அடுத்த முறை விரிவாகப் பேசுவோம். அதற்கு முன் இதே வினாவை மீண்டும் எழுதட்டும், நேரம் பார்த்து, கொப்பியைப் பார்க்காமல். சனிக்கிழமை வரும்போது கோடு போட்ட பழைய தாளையும் புதிய தாளையும் சேர்த்துக் கொண்டுவாருங்கள். எனக்கு மொத்தப் புள்ளி வேண்டாம். சிவப்பும் பச்சையும் எத்தனை இடத்தில் கூடியிருக்கிறது என்று எண்ணிப் பார்த்துவிட்டு, பாடத்தை மாற்றுவதா இல்லையா என்று மூவரும் இருந்து முடிவெடுப்போம்.