அந்தத் தாளில் நீங்கள் போட்ட இரண்டு மதிப்பெண்

வணக்கம் மேடம்,

எனக்கு 32 வயது. வள்ளியூர் பக்கம் சொந்த ஊர். சென்னையில் ஒரு கால் சென்டரில் ஏழு வருடமாக இருக்கிறேன், ஒரு தனியார் வங்கியின் தமிழ் வாடிக்கையாளர் சேவை. மூன்று வருடம் போன் எடுத்தேன். இப்போது குவாலிட்டியில், அதாவது மற்றவர்கள் பேசிய அழைப்புகளைக் கேட்டு மதிப்பெண் போடும் வேலை.

வேலையில் என்மேல் ஒரு குறையும் இல்லை. என் பேச்சுதான் அவர்களுக்கு வேடிக்கை. காலையில் உள்ளே நுழைந்ததும் "ஏலே, வந்துட்டியாலே" என்று ஒருத்தர் ஆரம்பிப்பார். எங்கள் ஊரில் பெண்ணைப் பார்த்து யாரும் ஏலே என்று சொல்லமாட்டார்கள், ஏட்டி என்பார்கள், ஏளா என்பார்கள். கேலியைக்கூட ஒழுங்காகச் செய்யத் தெரியாதவர்கள். அல்வா வாங்கி வந்தாயா, அரிவாள் பையில் இருக்கிறதா, இதே கதைதான் ஏழு வருடமும். நானும் சிரித்துவைப்பேன், வேறு என்ன செய்வது?

இரண்டு மாதம் முன்பு என் பழைய அழைப்பு ஒன்றைத் தேடி எடுத்து, வெள்ளிக்கிழமை மீட்டிங்கில் எல்லோர் முன்னாலும் ஓடவிட்டார்கள். ஒரு வாடிக்கையாளரிடம் "சொல்லுதேன் சார், ஒரு நிமிஷம்" என்று சொல்லியிருக்கிறேன். அந்த "சொல்லுதேன்" மட்டும் நான்கு தடவை. டீம் லீடரும் சிரித்தார். அன்று இரவு எனக்குத் தூக்கம் இல்லை. போன வாரம் புதிதாக ஆள் எடுக்கும்போது என்னையும் உட்காரவைத்தார்கள், அங்கேயும் இந்தப் பேச்சுதான் (ஸ்ரீவைகுண்டத்துப் பிள்ளை ஒருத்தி வந்திருந்தாள், அப்படியே என்னை மாதிரி பேசினாள், இங்கே வந்து பாவம் கஷ்டப்படுவாளே என்று எம்.டி.ஐ.-யில் 2 போட்டு அனுப்பிவிட்டேன், அது வேறு விஷயம்). மதியம் சாப்பாட்டிலும் அந்த ரெக்கார்டிங் கதைதான். வீட்டுக்காரர் விட்டுத்தள்ளு என்கிறார். இதைச் சும்மா கேலி என்று எடுத்துக்கொள்வதா, பாகுபாடு என்று புகார் கொடுக்கலாமா? வேலையை விட்டுவிடலாமா என்றுகூட யோசிக்கிறேன்.

---

அன்புள்ள சகோதரி,

அது வேறு விஷயம் இல்லை. உங்கள் கடிதத்தில் விஷயமே அதுதான்.

அந்த எம்.டி.ஐ.-யிலிருந்தே தொடங்குகிறேன். படிக்கிற மற்றவர்களுக்காக: கால் சென்டர் நேர்முகத் தேர்வுத் தாளில் இப்படி ஒரு கட்டம் இருக்கும். தாய்மொழித் தாக்கம் என்று பொருள். ஆங்கிலத்தில் பேசும்போது தமிழோ தெலுங்கோ எவ்வளவு எட்டிப்பார்க்கிறது என்று அளக்க வந்த கட்டம். அதே தாளைத் தமிழ்ச் சேவைக்கும் எடுத்துப் பயன்படுத்துகிறார்கள் போல. தமிழ் பேசுகிற வேலைக்கு வந்த தமிழ்ப் பெண்ணிடம் எந்தத் தாய்மொழி எந்த மொழியைத் தாக்கியது? அந்தக் கட்டத்தில் என்ன எழுதுவது என்று யாருக்கும் தெரிந்திருக்காது, அதனால் அங்கே ஊர் வந்து உட்கார்ந்துகொள்கிறது. அன்றைக்கு உங்கள் கையால்.

கேலி எப்போது பாகுபாடாகிறது என்று கேட்டீர்கள். ஏலே என்பதும் அல்வா என்பதும் கேலி, ஏழு வருடம் விடாமல் செய்தால் அவமதிப்பு. அதில் எனக்குச் சந்தேகம் இல்லை, உங்கள் வலி நியாயமானது. ஆனால் நீங்கள் எழுதியிருக்கிறபடி, அந்தக் கேலியால் உங்கள் சம்பளம் குறையவில்லை, குவாலிட்டிக்கு உயர்வதும் நிற்கவில்லை. பேச்சு காகிதத்துக்கு வந்து ஒருவருடைய வேலையையோ சம்பளத்தையோ தீர்மானிக்கும்போதுதான் அதைத் தயங்காமல் பாகுபாடு என்று சொல்லமுடியும். உங்கள் அலுவலகத்தில் அது நடந்திருக்கிறது, போன வாரம், ஸ்ரீவைகுண்டத்துப் பெண்ணுக்கு. சிரித்தவர்கள் யாரும் செய்யாததைச் சிரிக்கப்பட்டவர் செய்திருக்கிறீர்கள். கடுமையாகச் சொல்கிறேன் என்று தெரியும், கொஞ்சம் பொறுத்துக்கொண்டு படியுங்கள்.

சட்டம் இதில் உங்களுக்கும் அவளுக்கும் பெரிதாகக் கைகொடுக்காது. அரசியல் சட்டத்தின் 16வது பிரிவு, பிறந்த இடத்தை மட்டும் காரணமாக வைத்து ஒருவருக்கு வேலை மறுக்கக்கூடாது என்கிறது, ஆனால் அது அரசு வேலைக்கு. தனியார் கம்பெனியில் உச்சரிப்பைக் காரணம் காட்டி ஒதுக்கினால் நேராக எடுத்துக்காட்ட நம்மிடம் தனிச் சட்டம் இல்லை, கம்பெனியின் சொந்த நடத்தை விதிகள்தான் துணை. இருந்தாலும் அமெரிக்க வேலைவாய்ப்புச் சட்டத்தில் ஓர் அளவுகோல் உண்டு, அதைக் கடன் வாங்கலாம். ஒருவரின் உச்சரிப்பைக் காரணமாக்கி வேலை மறுக்கவேண்டுமானால், அந்த உச்சரிப்பு அந்த வேலையைச் செய்வதற்கே உண்மையில் இடைஞ்சலாக இருக்கவேண்டும். கேட்க ஒருமாதிரி இருக்கிறது என்பது போதாது.

இப்போது அந்தப் பெண்ணை இதில் வைத்துப் பாருங்கள். இந்தக் கணக்கு என்னைவிட உங்களுக்கு நன்றாக வரும். அவள் செய்யவேண்டிய வேலை என்ன? கார்டு தொலைந்தால் முடக்குவது, பாக்கி எவ்வளவு என்று சொல்வது, எண்களைத் திருப்பிச் சொல்லிச் சரிபார்ப்பது. மாதிரி அழைப்பு ஒன்று பேசவைத்திருப்பீர்கள். அதில் எதிர்முனையில் இருந்தவர் எத்தனை தடவை "என்ன சொன்னீங்க?" என்று கேட்டார்? எண்ணை விழுங்கினாளா? ஓட்டமாக ஓடினாளா? அப்படியென்றால் மதிப்பெண்ணைக் குறையுங்கள், அது வேலை சம்பந்தப்பட்டது, தப்பே இல்லை. "வெள்ளன கூப்பிடுங்க" என்று சொல்லி வேறு ஊர்க்காரர் முழித்திருந்தால், அது ஒரு சொல், "காலையில சீக்கிரம்" என்று மாற்றிச் சொல்லப் பயிற்சி வகுப்பில் கற்றுக்கொடுத்துவிடலாம். ஆனால் "சொல்லுதேன்" புரியாத தமிழர் யார்? அந்த மீட்டிங்கில் உட்கார்ந்து சிரித்தார்களே, அத்தனை பேருக்கும் புரிந்ததால்தானே சிரிப்பு வந்தது. உங்கள் அழைப்பில் அந்த வாடிக்கையாளர் திருப்பிக் கேட்டாரா? கேட்டதாக நீங்கள் எழுதவில்லை. அவர் கேட்டிருந்தால் அந்த நான்கு தடவையில் ஒரு தடவையாவது அதைச் சேர்த்து ஓடவிட்டிருப்பார்கள்.

எனக்கு உங்கள்மேல் கோபம் இல்லை. இது உங்களுக்கு மட்டும் நடப்பதும் இல்லை. 1960ல் கனடாவின் மாண்ட்ரியலில் வாலஸ் லாம்பர்ட் என்ற உளவியலாளர் குழுவினரின் ஆய்வு ஒன்று வெளியானது. இரண்டு மொழியும் சரளமாகத் தெரிந்த ஆட்களை ஒரே பகுதியை ஆங்கிலத்தில் ஒருமுறையும் பிரெஞ்சில் ஒருமுறையும் வாசிக்கவைத்துப் பதிவுசெய்தார்கள். பேசுவது அதே ஆள் என்று தெரியாமல், கேட்டவர்கள் தனித்தனி ஆட்கள் என்று நினைத்து மதிப்பெண் போட்டார்கள். ஆங்கிலக் குரல் புத்திசாலி, நம்பத்தக்கவர். பிரெஞ்சுக் குரல் ஒரு படி கீழே. ஆங்கிலம் பேசும் மாணவர்கள் அப்படிப் போட்டதில் வியப்பில்லை. பிரெஞ்சு பேசும் மாணவர்களும் தங்கள் மொழிக் குரலைத் தாழ்த்தித்தான் போட்டார்கள், பல குணங்களில் ஆங்கிலம் பேசும் மாணவர்கள் போட்டதைவிடவும் குறைத்து. ஊர் முழுக்கச் சேர்ந்து ஒரு பேச்சை மட்டம் என்று முடிவுகட்டினால், அந்தப் பேச்சுக்காரரின் காதும் கொஞ்ச நாளில் அப்படியே கேட்கப் பழகிவிடுகிறது. அந்த மீட்டிங்கில் ஓடிய ரெக்கார்டிங்கை நீங்களே இப்போது அவர்கள் காதால்தான் கேட்கிறீர்களோ என்று எனக்குத் தோன்றுகிறது.

"பாவம், கஷ்டப்படுவாளே" என்ற சொல்லையும் கொஞ்சம் புரட்டிப் பார்ப்போம். நீங்கள் ஏழு வருடம் அங்கே இருக்கிறீர்கள். கேலியோடு சம்பளமும் வந்தது, பதவி உயர்வும் வந்தது. வேண்டுமா வேண்டாமா என்று முடிவெடுக்க உங்களுக்கு ஒரு வாய்ப்பு இருந்தது, இப்போதும் இருக்கிறது, அதனால்தான் வேலையை விடலாமா என்று கேட்கிறீர்கள். அவளுக்கு அந்தக் கேள்வியே வராமல் செய்துவிட்டீர்கள். அவள் கஷ்டப்படுவதைப் பார்க்க உங்களுக்குப் பயமா, அல்லது அவள் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து "சொல்லுதேன்" என்று சொல்லும்போது எல்லோரும் திரும்பி உங்களைப் பார்ப்பார்களே, அந்தப் பயமா? எனக்கு இரண்டாவதுதான் என்று படுகிறது. நான் தப்பாகவும் இருக்கலாம். பதிலை எனக்கு எழுதவேண்டாம், நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

எழுதும்போது இன்னொன்று கவனித்தேன். ஏலே, ஏட்டி, ஏளா என்று எது யாருக்கு என்று எனக்குப் பாடம் எடுத்தீர்களே, கடிதம் முழுவதிலும் நீங்கள் நிமிர்ந்து பேசிய இடம் அது ஒன்றுதான். உங்கள் பேச்சுக்கு இலக்கணம் இருக்கிறது, மரியாதை இருக்கிறது என்று உங்களுக்கு நன்றாகத் தெரியும். "அவிய வந்தாவ" என்றால் மரியாதைப் பன்மை. அதைக் கேட்டுச் சிரிக்கிறவர், ஒருவரை மதித்துப் பேசுவதைக் கேட்டுச் சிரிக்கிறார். இவ்வளவும் தெரிந்த நீங்கள்தான் அந்தக் கட்டத்தில் 2 போட்டீர்கள்.

சரி, ரெக்கார்டிங் விஷயத்தை அப்படியே விடச்சொல்லவில்லை. அதற்கு உங்கள் மனம் புண்பட்டது என்பதைவிட உறுதியான பிடி ஒன்று இருக்கிறது. அந்த அழைப்பில் உங்கள் குரல் மட்டுமா இருந்தது? ஒரு வங்கி வாடிக்கையாளரின் குரலும், ஒருவேளை அவர் கணக்கு விவரமும் இருந்தது. அதை வேடிக்கைக்காக மீட்டிங்கில் ஓடவிட்டது அந்த வங்கிக்குத் தெரிந்தால் உங்கள் டீம் லீடருக்குச் சிரிப்பு வராது. எந்தத் தேதி, எந்த அழைப்பு, யார் ஓடவிட்டார் என்று நான்கு வரியில் மேலதிகாரிக்கு மின்னஞ்சல் எழுதுங்கள், அழுகையும் வேண்டாம் விளக்கமும் வேண்டாம். ஏலே என்பவரிடம் அடுத்த தடவை சிரித்துவைக்காதீர்கள், அவ்வளவு போதும். ஏழு வருடம் கூடவே சிரித்துவிட்டு, இதெல்லாம் எனக்கு வலித்தது என்று சொன்னால் அவர்கள் நம்பக் கொஞ்ச நாள் ஆகும். வேலையை விடுவதைப் பற்றி இப்போது முடிவெடுக்காதீர்கள். அந்தத் தாளை அப்படியே போட்டுவிட்டுப் போனால் போகிற இடத்துக்கும் அது கூடவே வரும்.

ஆனால் இவை இரண்டாவதாக. முதலில் அந்தப் பெண். ஒரு வாரம்தான் ஆகிறது, அந்தச் சுற்றின் முடிவுகள் முழுதாகப் போயிருக்காது. எச்ஆரிடம் போய், எம்.டி.ஐ. மதிப்பெண்ணைத் தமிழ்ச் சேவைக்குப் பொருந்தாத முறையில் போட்டுவிட்டேன், மாதிரி அழைப்பை வேறு ஒருவர் ஊர் பெயர் பார்க்காமல் ஒருமுறை கேட்கட்டும் என்று சொல்லுங்கள். உங்கள் தவறு என்றே சொல்லுங்கள், கூச்சமாகத்தான் இருக்கும். மறுபடி கேட்டும் அவள் தேறவில்லை என்றால் அது வேறு, அப்போது காரணமாவது வேலை சார்ந்ததாக இருக்கும்.

திங்கட்கிழமை வெள்ளனயே போய்க் கேளுங்கள்.