கிளிண்டாமைசினும் வயிற்றுப்போக்கும்

பல் சீழுக்கு கிளிண்டாமைசின் கொடுத்தார்கள். வயிற்றுப்போக்கு வந்தால் உடனே சொல்லச் சொன்னார்கள். ஏன்?

கிளிண்டாமைசின் ஒரு ஆன்டிபயாடிக். பாக்டீரியா தனக்குத் தேவையான புரதத்தைத் தயாரிப்பதை அது தடுக்கிறது. தோல் கட்டிகளை உண்டாக்கும் கிருமிகளையும், பல் சீழில் காற்றில்லாமல் வாழும் கிருமிகளையும் தாக்கும். பென்சிலின் ஒவ்வாதவர்களுக்குக் கொடுப்பதும் உண்டு.

சிக்கல் என்னவென்றால், நம் பெருங்குடலின் நல்ல பாக்டீரியாக்களில் பெரும்பாலானவையும் காற்றில்லாமல் வாழ்பவைதான். மருந்து அவற்றையும் அழித்துவிடுகிறது. பயிர் அடர்ந்த வயலில் களை தலைதூக்காது. பயிர் போனால் களைதான் மண்டும். இங்கே அந்தக் களை, கிளாஸ்ட்ரிடியாய்டிஸ் டிஃபிசில் என்ற கிருமி. அதன் வித்துகளை மருந்து தொடுவதில்லை. இடம் காலியானதும் அது பெருகி, நச்சைச் சுரந்து குடல் சுவரைப் புண்ணாக்கும். மற்ற பல ஆன்டிபயாடிக்குகளைவிட இதில் இந்த ஆபத்து அதிகம்.

மருந்தால் வயிறு லேசாக இளகுவது வேறு. ஒரு நாளில் மூன்று முறையோ அதற்கு மேலோ தண்ணீராகப் போனால், காய்ச்சலோ வயிற்றுவலியோ ரத்தமோ இருந்தால், உடனே மருத்துவரைப் பாருங்கள். மலப் பரிசோதனையில் தெரிந்துவிடும். அதற்கு முன் லோபரமைடு போட்டு நிறுத்தப் பார்க்க வேண்டாம், நச்சு உள்ளேயே தங்கிவிடக்கூடும்.

மாத்திரை முடிந்துவிட்டது, இனி வராது என்று பலர் நினைக்கிறார்கள். நிறுத்திச் சில வாரங்கள் கழித்தும் இது வரலாம்.