சுவிச் சுடுது, பொறி பறக்குது: கேளுங்கோ, சொல்லுறன்

கிளிநொச்சி: "அண்ணை, கேத்தில் போட்டா சுவிச் சுடுது. ட்ரிப் சுவிச் விழேல்லை. அப்ப பயமில்லைத்தானே?"

பயம் இருக்கு தங்கச்சி. இந்தப் பிழையை ட்ரிப் சுவிச் காணாது. போற கரண்டும் திரும்பி வாற கரண்டும் ஒண்டோ எண்டு மட்டும்தான் அது பார்க்கும். பிறேக்கர் பார்க்கிறது கரண்ட் அளவுக்கு மிஞ்சுதோ எண்டு. சுவிச்சுக்குப் பின்னாலை ஒரு ஸ்குறூ தளர்ந்தால் இரண்டும் நடக்காது.

2000 வாட் கேத்தில் கிட்டத்தட்ட 9 அம்பியர் இழுக்கும். தளர்ந்த இடத்திலை 0.2 ஓம் தடை இருந்தாலே, 9 × 9 × 0.2, அந்தச் சின்ன இடத்திலை மட்டும் 16 வாட் வெப்பம். சூடாகி விரிஞ்சு, ஆறிச் சுருங்கி, ஸ்குறூ இன்னும் தளரும். செம்பும் கறுக்கும், தடையும் கூடும். அதாலை இண்டைக்கு இளஞ்சூடாய் இருக்கிறது அப்பிடியே நிக்காது.

பரந்தனிலை ஒரு வீடு பார்த்தனான். ஒரு குதிரைவலு கிணத்து மோட்டரை பல்ப் சுவிச்சிலை போட்டிருந்தினம். ஓடேக்கை 6 அம்பியர் அளவுதான், ஆனால் தொடங்கேக்கை அதைப்போல அஞ்சாறு மடங்கு இழுக்கும். இரண்டு மாசமாய்ச் சுட்டிருக்கு, பிறகு மோட்டர் போட்டால் லைற் மினுங்கியிருக்கு. மெயினை நிப்பாட்டிக் கழட்டினால், பேஸ் வயரின்ரை ஸ்குறூ விரலாலை திருப்பக்கூடிய மாதிரி. வயரின்ரை தோல் ஒரு அங்குலம் கருகி, சுவிச்சுக்குள்ளை தொடுமுனை குழி விழுந்து கிடந்தது. கருகினதை வெட்டி, செம்பு பளிச்செண்டு தெரியிற இடம்வரை சீவி, இரண்டாய் மடிச்சு இறுக்கினன். சுவிச்சை எறிஞ்சுபோட்டு 20 அம்பியர் இரட்டை முனைச் சுவிச் போட்டு, மோட்டருக்கு 2.5 சதுர மில்லிமீற்றர் வயரிலை தனி லைன் இழுத்தன். கருகின சுவிச்சை இறுக்கி விட்டால் திரும்பவும் சுடும். அதைத் திரும்பப் போடாதையுங்கோ.

மாங்குளம், ஓய்வுபெற்ற ஆசிரியர்: "பிறேக்கரைச் சின்னதாய் மாத்தினால் பிழை பிடிபடும்தானே?"

பாதி சரி ஐயா. கரண்ட் குறைஞ்சால் வெப்பமும் குறையும். ஆனால் ஸ்குறூ தளர்ந்தபடிதான் இருக்கும், மோட்டர் தொடங்கேக்கை வீணாய் விழுந்துகொண்டும் இருக்கும்.

விசுவமடு: "எங்கட பிறேக்கர் 16இலை விழுந்து விழுந்து, மகன் 32 போட்டான். இப்ப பிரச்சினை இல்லை. ஐயாவுக்கும் அதைச் சொல்லுங்கோ."

சொல்லமாட்டன். வயர் அதேதானே? 32 போட்டதும் வயர் எரியுமட்டும் பிறேக்கர் பார்த்துக்கொண்டு நிக்கலாம். பழையதைத் திருப்பிப் போடுங்கோ.

மாங்குளம் ஐயா திரும்ப: "அப்ப நான் சொன்னது சரி, பெரிசு பிழை. தம்பி ஏன் என்னை மறுக்கிறார்?"

விசுவமடு: "ரெண்டு வருசமாய் ஓடுது ஐயா. எரியேல்லையே!"

எரியாமல் இருக்கிறது கரண்ட் இன்னும் அந்தளவுக்கு வராததாலை. ஐயா, பெரிசு பிழை எண்டதிலை நீங்கள் சொல்லுறது சரி. ஆனால் எந்தப் பிறேக்கரும் தளர்ந்த ஸ்குறூவை இறுக்காது. இதைத் திரும்பத் திரும்பச் சொல்லுவன்.

வவுனியா: "அயன் நிப்பாட்டேக்கை நீலமாய் ஒரு பொறி. சுவிச் மாத்தோணுமோ?"

ஒருக்கா மின்னி அடங்கினால் வழமை. சடசடவெண்டு சத்தம், பிளாஸ்ரிக் கருகின மணம், மூடியிலை மண்ணிறக் கறை, இதிலை ஒண்டு இருந்தாலும் பாவியாதையுங்கோ. மெயினை நிப்பாட்டி ஆளைக் கூப்பிடுங்கோ.

நெடுங்கேணி: "எங்கட வீட்டிலையும் சுவிச் சுடுது."

எந்த நேரம்? பின்னேர வெய்யில் விழுற சுவரெண்டால் எல்லாச் சுவிச்சும் சுடும். இரவிலை கேத்திலைக் கொதிக்க விட்டு, புறங்கையாலை அதையும் பக்கத்துச் சுவிச்சையும் தொட்டுப் பாருங்கோ. ஒண்டு மட்டும் சுட்டால் மேலை சொன்னதுதான்.

புதுக்குடியிருப்பு: "ஃபேன் ரெகுலேற்றர் சூடாய் இருக்கு."

மெல்லிய சூடு அதுக்கு இயல்பு. கையை வைக்க ஏலாமல் சுட்டால் மாத்துங்கோ.

முழங்காவில்: "சோலர் இன்வேட்டர் சூடாகுது, என்ன செய்ய?"

பூட்டினவையைக் கேளுங்கோ. இங்கை கேள்வி சுவிச்.

ஒட்டுசுட்டான்: "எங்கட சுவிச்சும் சுடுது..."

மேலை இரண்டு தரம் எழுதியிருக்கு. தயவுசெய்து வாசியுங்கோ.

முறிகண்டி: "மெயின் நிப்பாட்டியும் சுவிச்சிலை ரெஸ்ரர் மங்கலாய் எரியுது. நானே கழட்டி இறுக்கலாமோ?"

வேண்டாம். மூடியைத் திரும்பப் பூட்டுங்கோ. பக்கத்து வயராலை வாற தூண்டலாயும் இருக்கலாம், மெயினிலை பேஸ் வயரும் நியூற்றல் வயரும் மாறியும் இருக்கலாம். இங்கை இருந்து சொல்ல ஏலாது. மீற்றர் வைச்சு அளந்தவர்தான் சொல்லுவார். மின்சார சபை மீற்றர் பெட்டியோ அதுக்கு வாற வயரோ சுட்டால் வயரிங் ஆளும் தொடக்கூடாது, 1987க்கு அடியுங்கோ.