கூழ் ஊற்றும் இடத்தில் பேப்பர் கப் வேண்டாம்

கேள்வி: "எங்கள் தெரு மாரியம்மன் கோவிலில் ஆடி மூன்றாம் ஞாயிறு கூழ் ஊற்றுகிறோம். அடுத்த வாரம் பால்குடம், அன்னதானம். போன வருடம் திடலைச் சுத்தம் செய்து முடிப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. பையன்கள் 'பிளாஸ்டிக்கே உள்ளே வரக்கூடாது' என்கிறார்கள். பெரியவர்கள் 'சாமிக்குக் கொண்டுவருவதை வேண்டாமென்று சொன்னால் குறை வந்துவிடும்' என்கிறார்கள். பேப்பர் கப், பேப்பர் இலை வாங்கினால் பிரச்சினை தீருமா? இரண்டு பக்கமும் ஒத்துக்கொள்கிற மாதிரி வழி சொல்லுங்கள்." (விழாக் கமிட்டி உறுப்பினர், ஈரோடு மாவட்டம்)

பதில்: தீராது. வெறும் காகிதத்தில் கூழை ஊற்றினால் சற்று நேரத்தில் ஊறி ஒழுக ஆரம்பித்துவிடும். ஒழுகாமல் நிற்கிறது என்றால் உள்பக்கம் மெல்லிய பிளாஸ்டிக் பூச்சு இருக்கிறது என்று பொருள். வாழையிலை மாதிரி பச்சையாக அச்சடித்து வருகிற பேப்பர் இலையும், பளபளவென்று வெள்ளிப் பூச்சுடன் வருகிற தொன்னையும் இதே சங்கதிதான். பூச்சுப் போட்ட கப்பும் தட்டும் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை செய்யப்பட்ட பொருட்கள். தடை வந்து இத்தனை வருடம் ஆன பிறகும் எந்த ஊர்ச் சந்தைக்குப் போனாலும் கட்டுக்கட்டாகக் கிடைக்கிறது. பூக்கார அம்மாவிடம் நான்கு கவரைப் பறித்து அபராதம் போடுகிறவர்கள், அதை மூட்டை மூட்டையாக இறக்குகிற மொத்தக் கடைக்குப் போவது அபூர்வம். ஆகவே கடையில் விற்கிறதே என்பதை வைத்து எதையும் நம்பாதீர்கள்.

நம்பவைக்க ஒரு சுலபமான வழி இருக்கிறது. கமிட்டிக் கூட்டத்துக்கு முதல் நாள் இரவு ஒரு கிண்ணத் தண்ணீரில் பேப்பர் கப் ஒன்றைக் கிழித்து ஊறப்போடுங்கள். மறுநாள் எல்லோர் முன்னாலும் எடுத்துக் கசக்கினால் காகிதம் கூழாகக் கரைந்து போகும். உள்ளே கண்ணாடி மாதிரி ஒரு தோல் மட்டும் கையில் மிஞ்சும். இழுத்தால் அது நீளும். பெரியவர்களுக்கும் பையன்களுக்கும் சேர்த்தே இதைக் காட்டுங்கள், ஏனென்றால் பேப்பர் என்றால் நல்லது என்று இரண்டு தரப்புமே நினைத்துக்கொண்டிருக்கிறது.

இனி பெரியவர்களின் கவலைக்கு வருகிறேன். அம்மனுக்கு வருவது எலுமிச்சை மாலை, வேப்பிலை, வளையல், சேலை, தேங்காய் பழம், பால். இதில் ஒன்றைக்கூட வேண்டாமென்று சொல்ல வேண்டியதில்லை. சேலையைக் கவரிலிருந்து உருவிய பிறகுதானே பூசாரி அம்மனுக்குச் சாத்துகிறார்? கற்பூரத்தையும் உறையைப் பிரித்துத்தானே தட்டில் வைக்கிறார்? கவர் என்றைக்கும் சந்நிதிக்குள் போனதில்லை, வாசலில் விழுந்து கிடக்கிறது, அவ்வளவுதான். இதைப் பூசாரி வாயாலோ, வருடா வருடம் முதல் குடம் எடுக்கிற மூத்த அம்மா வாயாலோ சொல்ல வையுங்கள். ஒரே வார்த்தைதான், ஆனாலும் பையன்கள் மைக்கில் சொன்னால் உத்தரவாகக் கேட்கும், அவர்கள் சொன்னால் வழக்கமாகக் கேட்கும். நோட்டீஸிலும் "பிளாஸ்டிக்கைத் தவிர்ப்போம்" என்று போடாதீர்கள். யாரும் படிக்க மாட்டார்கள். "கூழ் வாங்க வருகிறவர்கள் சொம்பு, தூக்குவாளி கொண்டுவரவும். தட்டில் அல்லது கூடையில் வரும் பூஜைப் பொருட்கள் மட்டும் உள்ளே எடுத்துக்கொள்ளப்படும்" என்று போடுங்கள். தூக்குவாளியோடு வந்து கூழ் வாங்கிப் போனவர்கள் உங்கள் தெருவிலேயே நிறையப் பேர் இருப்பார்கள்.

பையன்களிடமும் ஒரு வார்த்தை. உள்ளே கவர் வரக்கூடாது என்று சொல்கிறவர்கள், முகம் போட்டு வாசலில் கட்டுகிற ஃபிளெக்ஸையும் நிறுத்த வேண்டும். அது பிவிசி பூசிய பிளாஸ்டிக் துணி. ஒரு கவரைவிட ஒரு பேனர் எடையில் பல மடங்கு. பெரியவர்கள் முதலில் கேட்கப்போவதும் இந்தக் கேள்வியைத்தான்.

கூழுக்கு டம்ளர் எத்தனை வேண்டும் என்று பார்ப்போம். ஆயிரம் பேர் அங்கேயே நின்று குடிக்கிறார்கள், இரண்டு மணி நேரம் ஊற்றுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒருவர் வாங்கி, குடித்து, டம்ளர் கழுவப்பட்டு மறுபடி கைக்கு வர இருபது நிமிடம் ஆகும். அப்படியானால் ஒரு டம்ளர் ஆறு முறை சுற்றும். ஆயிரத்தை ஆறால் வகுத்தால் ஏறக்குறைய நூற்று அறுபத்தேழு. கூட்டம் ஒரே நேரத்தில் மோதும் என்பதால் இருநூற்றைம்பது எவர்சில்வர் டம்ளர் வையுங்கள். அன்னதானத்துக்கு அண்டா, கரண்டி எடுக்கிற வாடகைப் பாத்திரக் கடையிலேயே இது கிடைக்கும். ஆயிரம் டம்ளர் வேண்டும் என்று எண்ணித்தான் பல கமிட்டிகள் பயந்து பேப்பர் கப்பில் போய் விழுகின்றன.

கழுவுவதில்தான் காரியம் கெடும். கேழ்வரகுக் கூழ் காய்ந்தால் டம்ளர் ஓரத்தில் பசை மாதிரி ஒட்டிக்கொள்ளும், அப்புறம் தேய்த்தாலும் போகாது. அதனால் குடித்து முடித்ததும் டம்ளர் நேராக முதல் தொட்டித் தண்ணீருக்குள் போக வேண்டும். இரண்டாவது தொட்டியில் சோப்புப் போட்டுத் தேய்ப்பது, மூன்றாவதில் வெந்நீரில் அலசுவது. மீந்த கூழைக் கொட்ட முதல் தொட்டிக்குப் பக்கத்தில் ஒரு கழனிப் பானை வையுங்கள், மாட்டுக்குப் போகும். தொட்டிக்கு இரண்டு பேர் போதும். இந்த வேலையைப் பெண்கள் தலையில் கட்டாமல், பிளாஸ்டிக் வேண்டாமென்று சொன்ன பையன்களே எடுத்துக்கொண்டால் பெரியவர்களின் பாதி எதிர்ப்பு அங்கேயே அடங்கிவிடும்.

"ஊரே வாய் வைத்த டம்ளரில் எப்படிக் குடிப்பது" என்று சிலர் கேட்பார்கள். எச்சில் பற்றிய இந்தத் தயக்கம்தான் பேப்பர் கப்பைக் கோவிலுக்குள் கொண்டுவந்தது. அவர்களுக்கு மந்தார இலைத் தொன்னையோ பனையோலைப் பட்டையோ வைக்கலாம். ஆனால் இன்னாருக்கு டம்ளர், இன்னாருக்குத் தொன்னை என்று நீங்கள் பிரிக்காதீர்கள். டீக்கடையில் இரட்டைக் குவளை வைத்த நாட்டில் அது வேறு எங்கேயோ போய் நிற்கும். கேட்கிற எவருக்கும் எது வேண்டுமோ அது.

அன்னதானத்துக்கு வாழையிலை, இல்லாவிட்டால் பாக்குமட்டைத் தட்டு. பந்தி மேஜையில் பிளாஸ்டிக் விரிப்பு வேண்டாம், அதுவும் தடைப் பட்டியலில் இருக்கிறது. இதற்கு மேல் இதில் சொல்ல ஒன்றுமில்லை.

உங்களை நான் முக்கியமாக எச்சரிக்க நினைப்பது ஆட்களைப் பற்றி. ஆடி பிறந்ததும் மூன்று விதமானவர்கள் கமிட்டியைத் தேடி வருவார்கள்.

முதலாமவர் "மக்கும் பிளாஸ்டிக், சர்டிபிகேட் இருக்கிறது" என்று கப்பும் கவரும் கொண்டுவருவார். அவற்றில் பலது தொழிற்கூடத்தில் சூடேற்றிச் செய்கிற உரக் கிடங்கில்தான் மக்கும். உங்கள் திடலிலோ குப்பைக் குழியிலோ அந்தச் சூடு வராது. வாங்க வேண்டாம்.

இரண்டாமவர் உபயதாரர். நல்ல மனதோடு, பெயர் அச்சிட்ட பிரசாதப் பை தருவார். துணிப்பை என்றே நினைத்திருப்பார். நெய்த இழை தெரியாமல், நசுக்கிய பஞ்சு மாதிரி புள்ளிப் புள்ளியாக இருந்தால் அது துணியே அல்ல, பாலிப்ரொப்பிலீன். ஓரத்தைக் கத்தரித்து இடுக்கியில் பிடித்து வெளியிடத்தில் நெருப்பு காட்டுங்கள். பருத்தி சாம்பலாகும், இது உருகிச் சொட்டும். இதுவும் 2019 தடையில் அடக்கம். அச்சடித்த பிறகு சொன்னால் மனஸ்தாபம்தான் மிஞ்சும், அதனால் உபயம் எழுதும்போதே மஞ்சப்பை என்று குறித்துக் கொடுத்துவிடுங்கள்.

மூன்றாமவர்தான் ஆபத்தானவர். "விழா முடிந்ததும் குப்பை முழுவதையும் நாங்களே அள்ளிக்கொள்கிறோம், ஒரு தொகை கொடுத்தால் போதும்" என்பார். எங்கே கொண்டுபோய்க் கொட்டுவீர்கள் என்று கேளுங்கள். எனக்குத் தெரிந்த ஒரு ஊரில் அப்படி அள்ளிய வண்டி, நேராக ஊர் ஏரிக்கரையில் தட்டிவிட்டுப் போனது. சோற்று வாசனைக்கு மாடுகள் வந்து கவரோடு சேர்த்துத் தின்றன. வயிற்றுக்குள் போன கவர் அசைபோடும்போது மேலே வராது, சாணத்தோடும் போகாது. உள்ளேயே திரண்டு மாட்டைக் கொல்லும். கொட்டும் இடத்தைக் காட்டாதவருக்குப் பணம் கொடுக்காதீர்கள்.

சரி, பால்குடத்தில் ஒரு விலக்கு இருக்கிறது, அதைக் கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள். பால் உறைக்குத் தடை கிடையாது. 108 குடம், குடத்துக்கு ஒரு லிட்டர் என்றால் அரை லிட்டர் பாக்கெட்டில் 216 உறை வரும். முதல் வழி, பக்கத்துப் பால் சங்கத்தில் இரண்டு நாள் முன்பே சொல்லி, கேனில் வாங்கி, கோவிலில் வைத்தே குடத்துக்கு அளந்து ஊற்றுவது. அது முடியாத இடத்தில் பாக்கெட்டையே வாங்கலாம், தப்பில்லை. வெட்டுவதில்தான் கவனம் வேண்டும். எல்லோரும் மூலையைத் துண்டாகக் கத்தரித்துக் கீழே போட்டுவிடுகிறார்கள். அந்த நகத்தளவு துண்டு விளக்குமாற்றில் சிக்காது, மழைத் தண்ணீரோடு சாக்கடைக்குப் போய்விடும். மூலையைப் பாதி மட்டும் வெட்டி, துண்டு உறையிலேயே தொங்கும்படி விடுங்கள். ஆளாளுக்கு வீட்டில் வெட்டி எடுத்துவராமல், கோவிலில் ஒரே மேஜையில் இரண்டு பேர் மட்டும் வெட்டட்டும். காலியான உறையை உடனே ஒரு அலசு அலசிக் கொடியில் கவிழ்த்துப் போடுங்கள். அலசாமல் குவித்தால் மறுநாளே புளித்து நாறும், யாரும் தொட மாட்டார்கள். சுத்தமாகக் காய்ந்த பால் உறையைப் பழைய இரும்புக் கடையில் எடைக்கு எடுத்துக்கொள்வார்கள். இந்தச் சலுகை தண்ணீர்ப் பாக்கெட்டுக்கும் பொருந்தும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், அது தடைப் பட்டியலில் உள்ள பொருள்.

கடைசியாகக் குப்பை வண்டி. விழாவுக்கு அனுமதி கேட்டால் ஒலிபெருக்கிக்கு ஆயிரம் நிபந்தனை போடுகிறார்கள், குப்பை எங்கே போகும் என்று ஒருவரும் கேட்பதில்லை. நீங்கள் பிரித்துக் கொடுத்தாலும் பேரூராட்சி வண்டியில் எல்லாம் ஒன்றாகிவிடும் வாய்ப்பு உண்டு. அதனால் இலை, பூ, மாலையை வண்டிக்கே விடாதீர்கள். திடல் ஓரத்தில் முழங்கால் ஆழத்துக்கு ஒரு குழி வெட்டி, மாலையிலிருக்கும் ஜிகினாவையும் நைலான் நாரையும் உருவிவிட்டு, ஒரு அடுக்கு இலை, ஒரு அடுக்கு மண் என்று மூடிவிடுங்கள். பாக்குமட்டை மக்க நாளாகும், உடைத்துப் போடவும். மிஞ்சுகிற கொஞ்சம் கவரை யாராவது அங்கேயே கொளுத்தப் பார்ப்பார்கள், விடாதீர்கள். ஒரு சாக்கில் கட்டி, துப்புரவு மேற்பார்வையாளரிடம் கையில் கொடுங்கள். அவருக்கு விழாத் தேதியை எழுத்தில் கொடுத்து, நகலில் சீல் வாங்கி வைத்துக்கொண்டால் மறுநாள் வண்டி வரவில்லை என்று அலைய வேண்டியிருக்காது.