மரத்துக்குள் உடைந்து நின்ற ஸ்க்ரூவை எடுப்பது: கேள்வி பதில்

தேக்கு நிலையில் கதவோட மேல் கீலை மாட்டும்போது பித்தளை ஸ்க்ரூ தலை முறிஞ்சு உள்ளேயே நின்னுடுச்சு, 8 நம்பர், 32 மி.மீ. நீளம். பிளையருக்குப் பிடியே கிடைக்கல. கீலை ஒரு இன்ச் கீழே இறக்கிடலாமா அண்ணா?

இறக்க வேண்டாம். இறக்கினால் நிலையிலும் கதவிலும் புதுசாகக் குடைய வேண்டும், பழைய குடைசலையும் மூட வேண்டும். இந்த இடத்துக்கு ஏற்றது உள்ளே வெற்றாக, முனையில் பல் வெட்டிய குழாய் கட்டர். அது ஸ்க்ரூவைத் தொடாமல் அதைச் சுற்றியிருக்கும் மரத்தை மட்டும் வட்டமாக அறுத்துக்கொண்டு இறங்கும். உங்கள் ஸ்க்ரூவின் தண்டு நாலு மி.மீ.க்குச் சற்று மேலே இருக்கும், அதனால் குழாயின் உள்விட்டம் 5 மி.மீ.யாவது வேண்டும். வெளிவிட்டம் 8 மி.மீ. என்றால் வரும் ஓட்டை கீல் தகட்டுக்கு அடியில் மறைந்துவிடும், அடைக்கவும் 8 மி.மீ. குச்சி போதும்.

இதில் சிக்கலே முதல் சில நொடிகள்தான். குழாய்க்கு நடுமுனை கிடையாது, மரத்தில் வைத்து ஓட்டியதும் வழுக்கிக்கொண்டு ஓடி நிலை முகத்தில் பிறை பிறையாகக் கீறிவிடும். ஒரு பிளைவுட் துண்டில் 8 மி.மீ. ஓட்டை போடுங்கள், அதன் வழியாகப் பார்த்து உடைந்த முனை நடுவில் தெரியும்படி வையுங்கள், அப்புறம் கீலின் மற்ற ஸ்க்ரூ ஓட்டைகளிலேயே அந்தத் துண்டைத் திருகி நிறுத்திவிடுங்கள். கிளாம்ப் போட இடமில்லாத நிலைக்கு இதுதான் வசதி.

டிரில்லை ரிவர்ஸில், மெதுவாக ஓட்டுங்கள். ஹேமர் மோடு ஆஃபில் இருக்க வேண்டும், டிரில் சக்கை நன்றாக இறுக்குங்கள். ஐந்து மி.மீ. இறங்கியதும் வெளியே எடுத்துத் தூளைத் தட்டிவிட்டு மறுபடி இறக்குங்கள். தூள் அடைத்துக்கொண்டால் மரம் கருகும், வாசனையிலேயே தெரிந்துவிடும். தூளில் மஞ்சளாக மின்னினாலோ, கிறீச்சென்று சத்தம் வந்தாலோ, பல் ஸ்க்ரூவை உரசுகிறது, குழாய் சாய்ந்திருக்கிறது என்று அர்த்தம். உடனே நிறுத்தி நேராக்குங்கள். கடைசி வரை அறுக்கவும் தேவையில்லை. முக்கால் ஆழம் போனதுமே பெரும்பாலும் மரத்தோடு சேர்ந்து ஸ்க்ரூ ஆட ஆரம்பிக்கும், மூக்கு பிளையரால் பிடித்து இடதுபக்கமாகத் திருகினால் வந்துவிடும்.

எதுக்கு சார் இவ்வளவு வேலை? நடுவுல ஓட்டை போட்டு எக்ஸ்ட்ராக்டரை விட்டுத் திருகினா தானா வந்துடும். நான் மெஷின்ல அப்படித்தான் எடுக்கிறேன்.

மெஷினில் நீங்கள் செய்வது சரிதான், அங்கே போல்ட் தடியாக இருக்கும். 8 நம்பர் மர ஸ்க்ரூ பொதுவாக மரை தொடங்கும் இடத்தில்தான் முறியும், அங்கே மரையைக் கழித்தால் நடுத்தண்டு சுமார் 3 மி.மீ.தான் மிச்சம். அதில் 2 மி.மீ. ஓட்டை போட்டால் சுற்றிலும் அரை மி.மீ. சுவர்தான் நிற்கும். எக்ஸ்ட்ராக்டர் ஆப்பு மாதிரி கூம்பாக இருப்பதால் இறுக இறுக அந்தச் சுவரை விரித்து மரத்தோடு இன்னும் அழுத்திவிடும். எக்ஸ்ட்ராக்டரே முறிந்து உள்ளே நின்றுவிட்டால் கதை முடிந்தது, அந்த இரும்பில் சாதாரண பிட் ஏறாது.

ஓட்டை போடும் வழியை நான் ஒதுக்கவில்லை. பித்தளை மெத்தென்றிருக்கும், அதனால் ரிவர்ஸில் வெட்டும் இடதுகை பிட் 2 மி.மீ.யில் கிடைத்தால் முதலில் அதையே முயன்று பாருங்கள். கூரான சென்டர் பஞ்ச் வைத்து நடுவில் ஒரு குழி அடித்து, மெதுவாக ஓட்டினால், பல நேரம் பிட்டே ஸ்க்ரூவைக் கவ்வி வெளியே திருகிக் கொண்டுவந்துவிடும், எக்ஸ்ட்ராக்டர் வரை போகவே வேண்டியிருக்காது. முறிந்த முகம் சாய்வாக இருந்தால் குழி நடுவில் விழாது. அப்போது இந்த வழியை விட்டுவிட்டுக் குழாய்க்குப் போங்கள்.

என்னோடது ஜிப்சம் போர்டுக்கு அடிக்கிற கறுப்பு ஸ்க்ரூ, வேப்பமரப் பலகைல முறிஞ்சிருக்கு. பிட் வெச்சா வழுக்கிட்டுப் பக்கத்து மரத்துக்குள்ள போயிடுது.

போகத்தான் செய்யும். அது கடினப்படுத்திய இரும்பு, பக்கத்தில் இருக்கும் மரம் அதைவிடப் பல மடங்கு மென்மை, பிட் எளிதான பக்கம் ஓடிவிடும். இனிமேல் அதில் ஓட்டை போட முயலாதீர்கள், குழாய்தான் ஒரே வழி. ஏற்கெனவே பக்கத்தில் பள்ளம் விழுந்திருந்தால் குழாயும் அந்தப் பக்கம் சாயப் பார்க்கும், அதனால் வழிகாட்டித் துண்டு உங்களுக்குக் கட்டாயம்.

எங்க ஊர் ஹார்ட்வேர் கடைல குழாய் கட்டர் கேட்டா பெரிய ஹோல் சா எடுத்துக் காட்டுறாங்க. வீட்லயே செய்ய முடியுமா?

முடியும். 8 மி.மீ. ரோல் பின் ஒன்று, 50 மி.மீ. நீளத்தில் வாங்குங்கள், சில கடைகளில் ஸ்பிரிங் பின் என்றால்தான் தெரியும். நீளவாக்கில் ஒரு பிளவோடு உருட்டிய ஸ்பிரிங் எஃகு அது, உள்ளே 8 நம்பர் ஸ்க்ரூ தாராளமாக நுழையும். ஒரு முனையில் கிரைண்டரின் மெல்லிய கட்டிங் டிஸ்க்கால் நாலைந்து பல் வெட்டுங்கள், அரம் அந்த எஃகில் சீக்கிரம் மழுங்கிவிடும். பல்லின் செங்குத்தான பக்கம் ரிவர்ஸ் சுற்றுக்கு முன்னால் வர வேண்டும். திசை மாறினால் முன்னோக்கி ஓட்டித்தான் அறுக்க முடியும், அப்போது குழாய் ஸ்க்ரூவைக் கவ்வினால் அது இன்னும் உள்ளே போகும். வெட்டும்போது கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். இந்தப் பல் சீக்கிரம் தேயும், ஒன்றிரண்டு ஸ்க்ரூவுக்குப் போதும், அவ்வளவுதான்.

அண்ணே, பைக் சைலன்சர் போல்ட் இன்ஜின்ல முறிஞ்சிடுச்சு. இந்தக் குழாய் ரோல் பின்ல பண்ணி விட்டா எடுத்துடலாமா?

முடியாது தம்பி. இது மரத்தை அறுக்கும் சாமான், அலுமினிய ஹெட்டில் விட்டால் மரையே போய்விடும். உங்களுக்குச் சூடும், ஊறும் எண்ணெயும், நடுவில் சரியாகப் போட்ட ஓட்டையும்தான் வழி. லேத் பட்டறையில் கொடுங்கள்.

ஓட்டையை எதை வெச்சு அடைக்கிறது? எங்க ஆசாரி தீக்குச்சியும் ஃபெவிகாலும் போதும்ங்கறார்.

ஸ்க்ரூ ஓட்டை லேசாகத் தளர்ந்திருந்தால் உங்கள் ஆசாரி சொல்வது போதும். 8 மி.மீ. ஓட்டைக்குப் போதாது. அதே மரத்தில் குச்சி இழைத்து, பசை தடவி, லேசாகத் தட்டி இறக்கி, ஒரு நாள் விட்டுவிடுங்கள்.

குச்சி போட்டா ஸ்க்ரூ அதோட நார் வாக்கில்தானே இறங்கும், பிடிப்பு வராது. குறுக்கு நாரா வெட்டின பிளக்தான் போடணும்.

நீங்கள் சொல்லும் குறை உண்மைதான், நார்முனையில் மரை குறைவாகத்தான் பிடிக்கும். ஆனால் குறுக்கு நார் பிளக் நீளமாகக் கிடைக்காது, இறக்கும்போது உடையவும் உடையும். நான் குச்சியே போட்டு, அந்த ஒரு இடத்தில் மட்டும் 50 மி.மீ. ஸ்க்ரூ விடுகிறேன், நுனி குச்சியைத் தாண்டிப் புது மரத்தைப் பிடித்துக்கொள்ளும். மெல்லிய பலகையில் இது நடக்காது, அங்கே உங்கள் பிளக் நல்லதாக இருக்கலாம்.

மறுபடி பித்தளையே போட்டா திரும்ப முறியாதா சார்? மேல் கீல் கேட்டவன்தான்.

நேரடியாகத் திருகினால் முறியும். 3 மி.மீ. பிட்டால் ஸ்க்ரூவின் முழு ஆழத்துக்கும் வழி போடுங்கள். அதே அளவு இரும்பு ஸ்க்ரூ ஒன்றில் மெழுகுவர்த்தியைத் தேய்த்து முதலில் அதை ஏற்றி இறக்குங்கள், மரத்தில் மரை விழுந்துவிடும். அப்புறம் பித்தளையை, அதிலும் மெழுகு தேய்த்து, கை ஸ்க்ரூ டிரைவரால் ஏற்றுங்கள். பாதியில் இறுக்கம் கூடினால் அழுத்தாமல் கழற்றி எடுத்து இன்னொரு முறை வழியைப் பெரிதாக்குங்கள்.